ஐந்தாம் ஆண்டு சமூகக் கல்வி: இரண்டாம் தவணை அலகுத் திட்டம்

அலகின் தலைப்பு: பினாங்கை உருவாக்கியவர்கள் யார்?

இத்திட்டம் ஜார்ஜ்டவுனில் இயங்கும் நமது தமிழ்க் கற்றல் மையத்தின் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் 18 பேருக்காக எழுதப்பட்டது. அலகு பத்து வாரங்களுக்கு நீடிக்கும். செவ்வாய், வியாழன் ஆகிய நாள்களில் 60 நிமிடப் பாடமும் வெள்ளிக்கிழமையில் 30 நிமிட மீள்பார்வையும் நடைபெறும். இணை வகுப்பை நடத்தும் ஆசிரியரும் இதையே பின்பற்றவிருப்பதால், நான் வழக்கமாக மனத்தில் வைத்துக்கொள்ளும் சில காரணங்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

சென்ற ஆண்டு இதே அலகை நடத்தியபோது மீள்பார்வை முழுவதையும் கடைசி வாரத்துக்கு ஒதுக்கியது என் தவறு. 1786 என்ற ஆண்டை எல்லாருமே சரியாக எழுதினார்கள். ஆனால் 1826, 1832, 1867 ஆகிய மூன்றையும் பாதி வகுப்பு இடம்மாற்றி எழுதியது. ஆகவே இம்முறை மீள்பார்வை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நடக்கும். அதில் புதுப்பாடம் எதுவும் நுழையக் கூடாது. வகுப்பின் பின்சுவரில் நீளவாட்டில் ஒரு கயிறு கட்டப்படும். மாணவர்கள் அந்தந்த வாரத்து நிகழ்வுகளை அட்டையில் எழுதித் துணிக் கிளிப்பால் காலவரிசையில் மாட்டுவார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஆசிரியர் நான்கு அட்டைகளைக் கழற்றிக் கலைத்துக் கொடுப்பார். குழுவினர் புத்தகத்தைப் பார்க்காமல் அவற்றை மீண்டும் மாட்டி, இரண்டு அட்டைகளுக்கு இடையே என்ன நடந்தது என்பதை வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். அட்டை சரியான இடத்தில் இருந்தும் காரணம் சொல்ல முடியாவிட்டால் அது மாட்டப்பட்டதாகக் கொள்ளப்படாது.

கற்றல் பேறுகள்: அலகின் இறுதியில் மாணவர்கள் பினாங்கின் வரலாற்றில் குறைந்தது எட்டு நிகழ்வுகளைக் காரணத்துடன் வரிசைப்படுத்துவர், ஒரு கட்டடத்தையோ தெருப்பெயரையோ சான்றாகக் கொண்டு ஒரு கருத்தை நிறுவுவர், மூத்தவர் ஒருவரை நேர்கண்டு, கேட்டதைத் தம் சொற்களில் எழுதுவர், உள்ளாட்சி, மாநிலம், கூட்டரசு ஆகிய மூன்று நிலைகளின் பொறுப்புகளை வேறுபடுத்துவர்.

வாரம் 1: இருப்பதும் தெரிந்ததும்

செவ்வாய்க்கிழமை மதிப்பெண் இல்லாத எட்டுக் கேள்விகளுடன் அலகு தொடங்கும். விடைகளைத் திருத்தாமல் உறையிலிட்டு வைக்க வேண்டும். பத்தாம் வாரத்தில் அவற்றை மாணவர்களே திருத்துவார்கள். வியாழக்கிழமை வெற்று வரைபடத்தில் தீவையும் செபராங் பிறையையும் வண்ணமிடுவார்கள். பினாங்கு என்றால் தீவு மட்டுமே என்று நினைக்கும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். நீரிணையைக் கடந்து பட்டர்வொர்த்திலிருந்து வரும் மாணவர்கள் மூவர் நம் வகுப்பிலேயே இருப்பதால், அவர்களே அதைத் திருத்தட்டும்.

வாரம் 2: கெடா சுல்தானும் கிழக்கிந்தியக் கம்பெனியும்

1786 ஆகஸ்டு 11-இல் பிரான்சிஸ் லைட் தீவைக் கம்பெனியின் பெயரில் ஏற்றதை மாணவர்கள் ஏற்கெனவே அறிவார்கள். இவ்வாரத்தின் பொருள் அதன் மறுபக்கம். கெடா சுல்தான் அப்துல்லா தீவைத் தர இசைந்தது படைப் பாதுகாப்பை எதிர்பார்த்துத்தான். அந்தப் பாதுகாப்பு கிடைக்காமற்போகவே, 1791-இல் தீவை மீட்க முயன்று தோல்வியுற்றார். அதன் பின் ஏற்பட்ட உடன்படிக்கையில் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. 1800-இல் எதிர்க்கரைப் பகுதியும் கைமாறியது. வியாழக்கிழமை வகுப்பு இரு தரப்பாகப் பிரிந்து, சுல்தானின் தரப்பிலிருந்து ஒரு கடிதமும் கம்பெனியின் தரப்பிலிருந்து ஒரு பதிலும் எழுதும். ‘லைட் பினாங்கைக் கண்டுபிடித்தார்’ என்ற தொடர் எந்தக் கட்டுரையிலும் வந்தால் அடிக்கோடிட்டு, அதற்குமுன் இங்கு யார் இருந்தார்கள் என்று ஓரத்தில் கேட்டு எழுதுங்கள்.

வாரம் 3: தெருவே சான்று

இந்த அலகின் நடுத்தூண் இந்த வாரம்தான். செவ்வாய்க்கிழமை தெருப்பெயர்களின் பட்டியலுடன் தொடங்கலாம்: லெபோ சூலியா, லெபோ ஆர்மேனியன், லெபோ ஆச்சே, லெபோ குயின். துறைமுகத்தை நாடி யார் யார் வந்தார்கள் என்பதைப் பெயரே சொல்கிறது. சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களைக் குறித்த சொல் என்பதை அறிந்ததும் மாணவர்கள் அந்தத் தெருவை வேறு கண்ணுடன் பார்க்கிறார்கள்.

சனிக்கிழமை காலை 8 மணி முதல் 10 மணி வரை கள நடை. 1818-ஆம் ஆண்டின் செயிண்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் தொடங்கி, ஜாலான் மஸ்ஜிட் கபித்தான் கெலிங் வழியாகக் குவான் யின் கோயிலையும், 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் ஆலயத்தையும், 1801-இல் நிறுவப்பட்ட கபித்தான் கெலிங் பள்ளிவாசலையும் பார்த்து முடிப்போம். ஆலயத்தின் வாயில் லெபோ குயின் பக்கம் இருப்பதால் அங்கே மூலை திரும்ப வேண்டும். மாணவர் எண்ணிக்கையைத் திரும்பும் முன்பும் பின்பும் சரிபார்க்க வேண்டும். நான்கு இடங்களிலும் மாணவர் ஒரே கேள்விக்கு விடை தேடுவார்: ‘இங்கே நான் கண்ணால் பார்த்த எது, இதைக் கட்டியவர்களைப் பற்றி எனக்குச் சொல்கிறது?’ ‘அழகாக இருந்தது’ என்பது விடையாகாது. ‘கோபுரத்தில் சுதைச் சிற்பங்கள் இருந்தன, இது தமிழ்நாட்டுக் கோயில்களின் முறை, ஆகவே கட்டியவர்கள் அங்கிருந்து வந்தவர்களாக இருக்கலாம்’ என்பது விடை. தோளும் முழங்காலும் மறையும் உடை, குடிநீர், தொப்பி ஆகியவை கட்டாயம்.

வாரம் 4: மரபுரிமை (குறுகிய வாரம்)

ஜூலை 7 செவ்வாய்க்கிழமை, ஜார்ஜ்டவுன் உலக மரபுரிமை நகர நாளை முன்னிட்டுப் பினாங்கில் பொது விடுமுறை. அந்த ஒரு பாடம் இழப்பானாலும், விடுமுறையின் காரணமே பாடமாகிறது: 2008 ஜூலை 7-இல் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. வியாழக்கிழமை, பழைய கடைவீடு ஒன்றை ஓட்டலாக மாற்றலாமா என்று விவாதம் நடத்தலாம். வெள்ளிக்கிழமை களக்குறிப்பேடு ஒப்படைப்பு (முதல் மதிப்பீடு, 20 புள்ளி).

வாரம் 5: தொடுவாய்க் குடியேற்றங்கள்

1826-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் ஓராட்சியின் கீழ் வந்தன. 1832-இல் தலைமையிடம் பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு மாறியது. 1867-இல் லண்டனின் நேரடி ஆட்சிக்கு உட்பட்ட முடியரசுக் குடியேற்றமாயின. இம்மூன்றும் ஒன்றையொன்று விழுங்காமலிருக்க, மூன்றுக்கும் மூன்று வினைச்சொற்களைப் பழக்குகிறேன்: சேர்ந்தது, பெயர்ந்தது, கைமாறியது. வியாழக்கிழமை இடைச்சோதனை (இரண்டாம் மதிப்பீடு, 20 புள்ளி, 30 நிமிடம்). சோதனையின் ஒரு கேள்வி மாதிரிக்கு: ‘1832-க்குப் பின் பினாங்கு வணிகர் ஒருவர் எதற்காகக் கவலைப்பட்டிருப்பார்? இரண்டு காரணம் தருக.’ ஒரு காரணத்துக்கு 1 புள்ளி, அதற்கான விளக்கத்துக்கு மேலும் 1 புள்ளி.

வாரம் 6: கரும்புக் காடும் கங்காணியும்

செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்களைப் பற்றிய வாரம் இது. 1910-இல் ஒப்பந்த முறை முடிவுக்கு வந்ததையும், தோட்டங்கள் ரப்பருக்கு மாறிய காலத்தில் கங்காணி முறையே பெரிதும் ஆளெடுத்ததையும் கற்பிப்போம். பல மாணவர்களின் குடும்பக் கதை இங்கேதான் தொடங்குகிறது, சிலருடையது தொடங்குவதில்லை. ஆகவே ‘உன் முப்பாட்டன் எந்தத் தோட்டம்?’ என்று எவரையும் வகுப்பில் எழுப்பிக் கேட்க வேண்டாம்.

நேர்காணல் பணி இவ்வாரம் வழங்கப்படும் (மூன்றாம் மதிப்பீடு, 25 புள்ளி). அறுபது வயதைக் கடந்த ஒருவரிடம் ஐந்து கேள்விகள். உறவினராகவோ அண்டைவீட்டாராகவோ இருக்கலாம், எந்த இனத்தவராகவும் இருக்கலாம். ‘நீங்கள் முதலில் வாங்கிய சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள், தாத்தா?’ என்பது போன்ற கேள்வி, ‘அந்தக் காலம் எப்படி இருந்தது?’ என்பதைவிட அதிகம் பேசவைக்கும் என்பதை வியாழக்கிழமை இருவர் இருவராக நடித்துப் பார்க்கட்டும். எட்டாம் வார வெள்ளிக்கிழமை ஒப்படைப்பு.

வாரம் 7: போர்க்காலம்

1941 டிசம்பர் முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆட்சியும், சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களின் துயரமும் சுருக்கமாகக் கற்பிக்கப்படும். பதினொரு வயதினருக்கு இறந்தவர்களின் படங்கள் வேண்டாம். மரவள்ளிக்கிழங்கு ஏன் உணவானது என்ற கேள்வியிலிருந்து அரிசித் தட்டுப்பாட்டுக்குச் செல்வது போதும். வெள்ளிக்கிழமை, வாரம் 1 முதல் 7 வரையிலான எல்லா அட்டைகளையும் கழற்றிக் கயிற்றை வெறுமையாக்கி முழு மீள்பார்வை நடக்கும்.

வாரம் 8: விடுதலையும் மலேசியாவும்

1946-இன் மலாயன் யூனியன், 1948-இன் மலாயாக் கூட்டரசு, 1957 ஆகஸ்டு 31, 1963 செப்டம்பர் 16. இவை பள்ளிப் பாடத்திலும் வருவதால் விரைவாகக் கடக்கலாம். ஆகஸ்டு 31-ஐயும் செப்டம்பர் 16-ஐயும் ஒன்றாக்கிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையும் 1985-இல் பினாங்குப் பாலமும் வந்தபின் தீவின் வேலைவாய்ப்பு எப்படி மாறியது என்பதை, பெற்றோரின் தொழில்களைக் கொண்டு வியாழக்கிழமை பேசலாம்.

வாரம் 9: அடைபட்ட கால்வாய் யார் பொறுப்பு?

தீவுக்குப் பினாங்கு மாநகர் மன்றமும் பெருநிலத்துக்குச் செபராங் பிறை மாநகர் மன்றமும் உள்ளன. மாநிலச் சட்டமன்றத்தில் 40 இடங்கள், நாடாளுமன்ற மக்களவையின் 222 இடங்களில் பினாங்குக்கு 13. இந்த எண்களை மனப்பாடம் செய்யவைப்பதைவிட, குப்பை அள்ளாதது, பள்ளிப் பாடநூல் வராதது, நில வரி, கடப்பிதழ் ஆகிய நான்கு சிக்கல்களைக் கொடுத்து, எந்தக் கதவைத் தட்டுவது என்று பிரிக்கச் சொல்வதே பயன் தரும். வியாழக்கிழமை, தம் வீட்டருகே உள்ள ஒரு குறையைப் பற்றி மாநகர் மன்றத்துக்கு முறையான கடிதம் எழுதுவார்கள். புள்ளி இல்லை, ஆனால் நன்றாக எழுதப்பட்டவை உண்மையிலேயே அனுப்பப்படும்.

வாரம் 10: இறுதித் தேர்வு

செவ்வாய்க்கிழமை மீள்பார்வை, கடினமாக இருந்தவற்றை மாணவர்களே சீட்டில் எழுதிப் பெட்டியில் போட, அதிகம் வந்த மூன்றை மட்டும் ஆசிரியர் மீண்டும் விளக்குவார். வியாழக்கிழமை 50 நிமிட இறுதித் தேர்வு (நான்காம் மதிப்பீடு, 35 புள்ளி): காலவரிசைக்கு 8, குறுவிடைக்கு 12, கொடுக்கப்பட்ட படச்சான்றை ஆராயும் பத்திக்கு 15. வெள்ளிக்கிழமை, முதல் வார உறைகளைப் பிரித்துத் தம் பழைய விடைகளைத் தாமே சிவப்பு மையில் திருத்துவார்கள்.

மதிப்பீடும் குறைநீக்கலும்

நான்கு மதிப்பீடுகளின் கூட்டுத்தொகை 100. வகுப்புசார் மதிப்பீட்டின் ஆறு அடைவுநிலைகளும் தனியே பதிவாகும். புள்ளியை நேரடியாக அடைவுநிலையாக மாற்ற வேண்டாம். எழுத்தில் தடுமாறும் நான்கு மாணவர்கள் நேர்காணலை ஒலிப்பதிவாக ஒப்படைத்து, அரைப்பக்கச் சுருக்கம் மட்டும் எழுதலாம். அவர்களுக்கும் அதே 25 புள்ளிதான். இடைச்சோதனையில் 10-க்குக் கீழே பெறுபவர்களுக்கு ஆறாம், ஏழாம் வாரங்களில் வியாழன் பாடத்திற்குப் பின் 20 நிமிடக் குறைநீக்கல் போதனை உண்டு. விரைவாக முடிப்பவர்களுக்குக் கூடுதல் பயிற்றி கொடுப்பதற்குப் பதில், கயிற்றில் விடுபட்ட ஒரு நிகழ்வைத் தேடிக் கண்டு அட்டை எழுதச் சொல்லுங்கள்.

களநடை நாளில் மழை வந்தால் நடை அடுத்த சனிக்கிழமைக்கும் குறிப்பேடு ஒப்படைப்பு ஐந்தாம் வார வெள்ளிக்கிழமைக்கும் தள்ளிப்போகும். மற்ற நாள்கள் மாறா. பெற்றோர் ஒப்புதல் படிவம் முதல் வார வியாழக்கிழமைக்குள் திரும்ப வேண்டும். தேர்வு முடிந்தபின் கயிற்றை அவிழ்க்க வேண்டாம். மூன்றாம் தவணையின் வாணிபப் பாதைகள் அலகுக்கு அதே அட்டைகள் தேவைப்படும்.