தண்ணி கடினத்தன்மை டெஸ்ட் - டெக்னீஷியன் மார்க் ஷீட்

தம்பி, ஈடிடிஏ டைட்ரேஷன்ல நீங்க போட்ட அஞ்சு ரீடிங்: 188, 189, 187, 188, 190 மி.கி./லி. சராசரி 188.4, சாம்பிளோட அசல் மதிப்பு 182, மதிப்பீட்டுக்கு எடுத்துக்கிட்ட திட்ட விலகல் 6.

```
z = (188.4 - 182) / 6 = 1.07
```

2-க்குள்ள இருந்தா ஓகே, அதனால துல்லியத்துக்கு 40-க்கு 32. முழுசா தராததுக்குக் காரணம், அஞ்சுமே மேல்பக்கமா நிக்குது, ஈடிடிஏ கரைசல் கொஞ்சம் நீர்த்துப்போயிருக்கும்னு தோணுது, மறுபடி ஸ்டாண்டர்டைஸ் பண்ணிப் பாருங்க.

திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வர்றதுல 30-க்கு 29. சிவி 0.6% தான், கை நல்லா பழகியிருக்கு.

பதிவுதான் பிரச்சனை, 30-க்கு 15. பியூரெட் ஆரம்ப ரீடிங், முடிவு ரீடிங் ரெண்டும் எழுதாம வெறும் "9.4 மி.லி."னு போட்டா யாரு சரிபார்க்கிறது? இண்டிகேட்டர் லாட் நம்பர் இல்ல, மூணாவது ரீடிங்க மேலயே திருத்தி எழுதியிருக்கீங்க (ஒரு கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல எழுதி, கையெழுத்தும் தேதியும் போடணும்னு சொல்லியிருக்கோம்ல).

மொத்தம் 76. பாஸ் மார்க் 75 தான், ஆனா பதிவுல குறைஞ்சது 18 வேணும், அதனால அந்தப் பகுதி மட்டும் அடுத்த வாரம் புது சாம்பிள்ல திரும்ப.