நினைவேந்தல் கூட்டத்தில் பேச இயலாமை குறித்து அண்ணிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

வணக்கம். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை நடைபெறவிருக்கும் அண்ணனின் நினைவேந்தல் கூட்டத்தில் நான் 10 நிமிடம் பேச வேண்டும் என்று நேற்று முன்தினம் கேட்டீர்கள். சரி என்றும் சொல்லாமல், முடியாது என்றும் சொல்லாமல், ஏதோ மழுப்பிவிட்டு எழுந்து வந்தேன். அழைப்பிதழ் வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது என்பதால் என் பதிலை இனியும் தள்ளிப்போடுவது முறையாகாது. அண்ணி, என்னால் அந்த மேடையில் பேச இயலாது. பேசுவோர் பட்டியலில் என் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பேசத் தொடங்கினால் அழுதுவிடுவேன் என்று அஞ்சுகிறேன். இது வெட்கத்தால் வந்த அச்சம் அன்று. பலர் முன்னால் அழுவதை இழிவாக எண்ணும் வயதை நான் கடந்துவிட்டேன். என் அழுகை அந்த மாலைப் பொழுதை என்ன செய்துவிடும் என்பதுதான் என் கவலை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் தந்தையாருக்கு நடந்த கூட்டத்தில் இதே தவற்றைச் செய்திருக்கிறேன். நான்கு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். இரண்டாவது வாக்கியத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. தாளைப் பார்த்தபடி நான் நின்ற நேரம் இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ, எனக்குத் தெரியவில்லை; கடைசியில் முன்வரிசையில் அமர்ந்திருந்த என் தாயார் எழுந்து மேடைக்கு வந்து, என் தோளைப் பிடித்துக் கீழே அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று. கணவரை இழந்த அவருக்கு அன்று ஆறுதல் சொல்ல வேண்டியவன் நான். அவரோ எனக்கு ஆறுதல் சொன்னார். அதன்பின் பேசியவர்கள் அப்பாவைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். அம்மாவிடம் கேட்டால் இன்றும் அவருக்கு நினைவிருப்பது நான் தேம்பியது மட்டுமே. அண்ணனுக்கான கூட்டத்தில் நீங்கள் எனக்காக எழுந்து வரும்படி ஆகிவிடக் கூடாது.

மனத்தை உறுதிப்படுத்திக்கொண்டால் முடியும் என்று நீங்கள் சொல்லக்கூடும். அதையும் முயன்று பார்த்துவிட்டேன். நீங்கள் கேட்ட அன்றிரவே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். அதை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுப் படித்தபோது மூன்றாவது வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை. பழகப் பழக இலகுவாகும் என்று நினைத்து நேற்றிரவும் படித்தேன்; அப்போது நிலைமை இன்னும் மோசமாயிற்று. ஏன் என்று பிறகுதான் புரிந்தது. என்னையறியாமல் அண்ணனைப் போலவே படித்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குத் தெரியாததல்ல. அச்சகத்தில் 22 ஆண்டுகள் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் மெய்ப்புப் பார்த்தோம். மூலப்படியை அவர் உரக்கப் படிப்பார், அச்சான தாளில் நான் பேனாவை ஓட்டிக்கொண்டே வருவேன். சொற்களை மட்டுமல்ல, காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி, புதுப் பத்தி என்று எல்லாவற்றையும் அவர் வாயால் சொல்லுவார். ஒற்றெழுத்து வரும் இடங்களில் ஓர் அழுத்தம் கொடுப்பார். ‘தந்த பலகை’ என்றால் ஒருவர் கொடுத்த பலகை, ‘தந்தப் பலகை’ என்றால் யானைத் தந்தத்தால் ஆனது. இந்த இரண்டையும் அவர் படிக்கும்போது தாளைப் பார்க்காமலேயே வேறுபாடு தெரிந்துவிடும். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு அந்த எடுத்துக்காட்டைத்தான் முதலில் சொல்லுவார், ஒவ்வொரு முறையும் தாமே முதலில் சிரிப்பார். ஆக, அவர் பேசுவார், நான் கேட்பேன் என்பதே எங்கள் இருவருக்கும் இடையிலான ஏற்பாடு. இப்போது அவரைப் பற்றி நான் உரக்கப் படிக்க, கேட்பதற்கு அவர் இல்லை என்பதை என் தொண்டை ஏற்க மறுக்கிறது.

வேறு வழிகளையும் எண்ணிப் பார்க்காமல் இல்லை. முன்கூட்டியே குரலைப் பதிவுசெய்து ஒலிபரப்பலாம் என்று என் மகன் சொன்னான். மூன்றாவது வரிசையில் நான் உயிரோடு உட்கார்ந்திருக்க, ஒலிபெருக்கியிலிருந்து என் குரல் வருவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. தவிர, பதிவுக்கருவியின் முன்னாலும் நான் அழத்தான் செய்வேன். படபடப்பைக் குறைக்க மாத்திரை எடுத்துக்கொள்ளலாம் என்றார் நண்பர் ஒருவர். அண்ணனைப் பற்றி மரத்துப்போன மனத்தோடு பேசுவதைவிடப் பேசாமல் இருப்பதே மேல்.

எனவே ஒரு வேண்டுகோள். எழுதிய இரண்டு பக்கங்களையும் இக்கடிதத்துடன் வைத்திருக்கிறேன். நிதானமாகப் படித்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாது. நீங்கள் விரும்பினால் இதை வேறொருவர் என் சார்பில் படிக்கட்டும். உங்கள் மகளிடம் கொடுக்க வேண்டாம். அவளுக்கு அந்தச் சுமை தேவையில்லை. அண்ணனிடம் கடைசியாக வேலை கற்றுக்கொண்ட அந்தப் பிள்ளை நன்றாகப் படிப்பான், குரலும் தெளிவானது. நான் அவனிடம் இன்னும் எதுவும் பேசவில்லை. உங்கள் முடிவு தெரிந்த பின்னரே பேசுவேன். அதில் நீக்க வேண்டியது எது இருந்தாலும் தயங்காமல் அடித்துவிடுங்கள். குறிப்பாக, வேலையை விட்டுவிடலாம் என்று அவர் ஒருமுறை முடிவெடுத்திருந்ததையும், மறுநாள் காலை ஒன்றும் நடவாதது போல் மேசைக்கு வந்து மூலப்படியைக் கையில் எடுத்ததையும் எழுதியிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த செய்திதான் என்றாலும், பலர் முன்னால் சொல்லலாமா என்பதை நீங்களே தீர்மானிக்க வேண்டும். கூட்டத்தில் படிக்கவே வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால், அந்தத் தாள்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதில் சிறிதும் வருத்தம் இருக்காது.

பேச மறுப்பதால் நான் கூட்டத்துக்கு வரமாட்டேன் என்று எண்ணிவிட வேண்டாம். தொடக்கம் முதல் இறுதிவரை அங்கேதான் இருப்பேன். நாற்காலி போடுவதிலிருந்து வருபவர்களை அமர வைப்பது, பேசுபவர்கள் நேரத்தை மீறாமல் பார்த்துக்கொள்வது வரை எந்த வேலையானாலும் என்னிடம் ஒப்படையுங்கள். அண்ணன் எவ்வளவு நெருக்கமானவர் என்பதை நான் பேசாததை வைத்து யாராவது தவறாகக் கணித்தால் கணித்துவிட்டுப் போகட்டும். நீங்கள் அப்படி எண்ண மாட்டீர்கள் என்ற நம்பிக்கை எனக்குப் போதும். அன்று உடனே பதில் சொல்லாமல் உங்களைக் காத்திருக்க வைத்ததற்கு மட்டும் மன்னிக்க வேண்டுகிறேன்.

இன்னொன்று. அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் அதன் மெய்ப்பை நான் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். அவர் பெயர் தாங்கிய தாளில் ஓர் ஒற்றுப்பிழைகூட இருக்கக் கூடாது. புதன்கிழமை மாலை வீட்டுக்கு வருகிறேன். மூலத்தை யாராவது உரக்கப் படிக்க வேண்டும். நீங்கள் படித்தால் நான் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி