மாசம் 400 ரூபாய்க்குள்ள மூணே ஐட்டம்: தங்கச்சிக்கு ஒரு லிஸ்ட்

ஏய் குட்டி, நேத்து நீ அனுப்புன அந்த பத்து ஐட்டம் ஸ்க்ரீன்ஷாட்டை பாத்தேன், சீரமே நாலு இருக்கு, கூட்டிப் பாத்தா உன் பஸ் காசு சாப்பாட்டு காசெல்லாம் அதுலயே போயிடும். அதெல்லாம் அப்படியே வை. உனக்கு வேண்டியது மூணுதான், ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன். மாசம் 400 ரூபாய்னு சொன்னல்ல, அதுக்குள்ள வர மாதிரி போட்டிருக்கேன், ஆனா மூணையும் ஒரே நாள்ல வாங்காத, அதான் இதுல விஷயமே.

இந்த மாசம் ஃபேஸ்வாஷும் மாய்ஸ்சரைசரும் மட்டும். ஃபேஸ்வாஷ் 100 எம்எல், வாசனை கம்மியா இருக்கறது, 180 ரூபா கிட்ட வரும். மூஞ்சி கழுவுனதும் தோல் இழுத்து பிடிக்குதுன்னா அது உனக்கு ஒத்து வரலன்னு அர்த்தம், சுத்தமாயிடுச்சுன்னு இல்ல (துணி சோப்பு போட்டா கை வறண்டு போகுதுல்ல, அதே கதைதான்). ராத்திரி மட்டும் போடு, ஒரு எம்எல் போதும், காலையில வெறும் தண்ணி. இப்படி போட்டா ஒரு ட்யூப் மூணு மாசம் தாராளமா வரும்.

மாய்ஸ்சரைசர் 100 கிராம், 200 ரூபாய்க்குள்ள கிடைக்கும். நீ எண்ணெய் மூஞ்சி, நம்ம ஊர் கடல் காத்துல பிசுபிசுன்னு வேற இருக்கும், அதனால ஜெல் மாதிரி இருக்கறது எடு, பின்னாடி லேபிள்ல கிளிசரின் மேல வரிசையில இருக்கான்னு பாரு. "எண்ணெய் மூஞ்சிக்கு எதுக்கு க்ரீம்"னு அத்தை சொல்லும், சொல்லட்டும், நீ ராத்திரி கழுவிட்டு ஈரம் இருக்கும்போதே பட்டாணி அளவு போடு. புதுசா வாங்கற எதையுமே முதல்ல தாடைக்கு கீழ ஒரு ஓரத்துல ரெண்டு மூணு நாள் போட்டு பாத்துட்டு அப்புறம் முழு மூஞ்சிக்கு. ரெண்டையும் ஒரே நாள்ல ஆரம்பிச்சா எதுனால அரிக்குதுன்னே தெரியாது, ஒரு வாரம் கேப் விடு.

அடுத்த மாசம் சன்ஸ்க்ரீன், 50 கிராம் 350 ரூபா. இதுலதான் காசை போடணும். எஸ்பிஎஃப் 30 யூவிபி கதிரை 97 சதவீதம் தடுக்கும், 50 போட்டா 98, அதனால 50ன்னு எழுதியிருக்குன்னு நூறு ரூபா கூட குடுக்காத. பிஏ+++ இருக்கான்னு பாரு, அது யூவிஏக்கு. கறுப்புத் திட்டு வர்றதுல யூவிஏக்கும் பெரிய பங்கு இருக்கு, அது ஜன்னல் கண்ணாடி வழியாவும் வரும். அளவுலதான் எல்லாரும் ஏமாறாங்க, ஆட்காட்டி விரல் நடு விரல் ரெண்டு மேலயும் கோடு போட்ட மாதிரி பிதுக்கி மூஞ்சிக்கும் கழுத்துக்கும், அது ஏறக்குறைய ஒரு கிராம் வரும், அப்போ 50 கிராம் ஐம்பது நாள். சிக்கனம்னு பொட்டு மாதிரி வச்சு தேய்ச்சா டப்பாவுல போட்டிருக்கற எஸ்பிஎஃப் உனக்கு கிடைக்காது. வீட்ட விட்டு கிளம்பறதுக்கு கால் மணி நேரம் முன்னாடி போட்டுடு.

காசு செலவில்லாத ஒண்ணு சொல்றேன். கடலூர்லேர்ந்து பாண்டி போற பஸ்ஸு வடக்க பாத்து போகுது, காலைல வெயில் டிரைவர் பக்கம் அடிக்கும், சாயந்தரம் திரும்பும்போதும் மேற்கு வெயில் அதே டிரைவர் பக்கம்தான். ரெண்டு வேளையும் படிக்கட்டு பக்கம் உக்காரு, முள்ளோடை வரைக்கும் நின்னுட்டு போனாலும் பரவால்ல. சன்ஸ்க்ரீன் வாங்கற வரைக்கும் குடை எடுத்துட்டு போ.

முதல் மாசம் 380, ரெண்டாவது மாசம் 350, சன்ஸ்க்ரீன் மூணாவது மாசம் இருபதாம் தேதிக்கு மேல தீரும், ஃபேஸ்வாஷ் நாலாவது மாசம் பத்தாம் தேதி வாக்குல, மாய்ஸ்சரைசர் அதுக்கு அப்புறமும் வரும். முதல் நாலு மாசத்துல ஒரு மாசமும் 400ஐ தாண்டாது, மிச்சத்தை தனியா எடுத்து வை.

எலுமிச்சம்பழம், சோடா மாவு, பேஸ்ட் எதையும் மூஞ்சில தேய்க்காத. முக்கியமா, ஃபிரெண்டு சொன்னான்னு மெடிக்கல்ல சின்ன ட்யூப் வாங்கி பூசாத. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன்னு எழுதியிருந்தா அது ஸ்டீராய்டு, டாக்டர் சீட்டு இல்லாம விக்கவே கூடாது. கவுன்டர்ல நிக்கறவ சொல்றேன், ஒரு வாரம் பளபளன்னு இருக்கும், விட்டதும் சிவந்து எரிஞ்சு பரு பருவா கொட்டும், அப்புறம் அந்த ட்யூப விடவே முடியாது. கட்டி கட்டியா வலிக்கிற பரு வந்தா க்ரீம் தேடாம ஜிப்மர் தோல் ஓபிக்கு காலையிலயே போயிடு, இல்ல இங்க ஜிஎச்.

திருப்பாப்புலியூர் பக்கம் வாங்கறதுன்னா சனிக்கிழமை வா, நானே கூட வரேன். பாண்டில வாங்கறியா, பில் போடறதுக்கு முன்னாடி லேபிள் பின்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பு, எக்ஸ்பயரி தேதியும் தெரியற மாதிரி.