மே 16 கூட்டத்திற்கு வர இயலாமையும், மே 18 அன்று வாய்க்காலை நேரில் பார்வையிடக் கோருவதும்

நாள்: 12.05.2025

பெறுநர்
தலைவர் அவர்கள்,
பாசன விவசாயிகள் சங்கம்,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். கடைமடை வாய்க்கால்களைத் தூர் வாருவது குறித்து, வரும் வெள்ளிக்கிழமை (16.05.2025) காலை 10 மணிக்குச் சமுதாயக் கூடத்தில் நடைபெறும் கூட்டத்தில் கலந்துகொள்ளும்படி தாங்கள் அனுப்பிய அழைப்புக் கடிதம் கிடைத்தது. அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போகாமல், நான் களத்திலிருந்து திரும்பும் வரை காத்திருந்து என் கையிலேயே கொடுத்துச் சென்ற சங்கச் செயலாளருக்கும் என் நன்றி.

அந்தக் கூட்டத்திற்கு என்னால் வர இயலாத நிலையில் இருக்கிறேன். அதே நாளில் மேற்பார்வைப் பொறியாளர் எங்கள் பிரிவில் நடைபெறும் தூர்வாரும் பணிகளை ஆய்வு செய்ய வருகிறார். பணி நடக்கும் ஒவ்வொரு இடத்திலும் அளவுப் புத்தகத்துடன் நான் உடன் நிற்க வேண்டும். காலையில் தொடங்கும் ஆய்வு எப்போது முடியும் என்பது என் கையில் இல்லை. ஆகவே இடையில் அரை மணி நேரம் வந்து முகம் காட்டிவிட்டுப் போகிறேன் என்று சொல்வதும் நேர்மையாக இராது. பிப்ரவரியில் தாங்கள் கூட்டிய கூட்டத்திற்கும் நான் வரவில்லை என்பதை மறக்கவில்லை. இரண்டாம் முறையும் இப்படி எழுத நேர்ந்ததில் எனக்குச் சங்கடம் உண்டு.

எனக்குப் பதிலாகப் பாசன உதவியாளரை அனுப்பலாம் என்று முதலில் எண்ணினேன். ஆனால் எந்த வாய்க்காலுக்கு மதிப்பீடு போடப்பட்டுள்ளது, எது விடுபட்டுள்ளது என்று தங்கள் உறுப்பினர்கள் கேட்டால், அவரால் பதில் சொல்ல இயலாது. அறுபது எழுபது பேர் முன்னிலையில் அவரை நிறுத்தி, "மேலிடத்தில் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்ல வைப்பது அவருக்கும் தங்களுக்கும் மரியாதை அல்ல.

எனவே, மே 18 ஞாயிற்றுக்கிழமை காலை 6.30 மணிக்குத் தலைப்பு மதகில் சந்தித்து, அங்கிருந்து கடைசி வயல் வரை வாய்க்காலோடு நடந்தே பார்த்துவிடலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உண்மையைச் சொன்னால், கூடத்தில் வரைபடத்தை விரித்துப் பேசுவதைவிட இதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். மூன்றாவது மதகின் திருகுத் தண்டு வளைந்து, ஷட்டர் முழுதும் இறங்காமல் அடியில் அரை அடி இடைவெளி நிற்பதையும், அதில் வைக்கோலும் சாக்கும் திணித்துத் தாங்கள் தண்ணீரைத் தடுத்திருந்ததையும் டிசம்பரில் நானே பார்த்தேன். அந்த ஷட்டரைச் சீர் செய்யாமல் கீழே எவ்வளவு தூர் வாரினாலும் முறை வைத்துத் தண்ணீர் விட முடியாது. அதைத் தங்கள் உறுப்பினர்கள் முன்னிலையிலேயே அளந்து, மதிப்பீட்டில் சேர்க்க விரும்புகிறேன்.

தங்கள் கடிதத்தில் குறிப்பிட்டுள்ள வாய்க்கால்களில் சில சி, டி பிரிவைச் சேர்ந்தவை. அவற்றைத் தூர் வாருவது வேளாண் பொறியியல் துறையின் பொறுப்பில் வருகிறது. அத்துறையின் உதவிப் பொறியாளரிடம் நேற்றே தொலைபேசியில் பேசினேன். ஞாயிறன்று அவரும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை நான் மட்டும் வந்திருந்தால், பாதிக் கேள்விகளுக்கு "அது எங்கள் வாய்க்கால் இல்லை" என்றுதான் பதில் சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை இதற்காகத் தாங்கள் ஒத்திவைக்க வேண்டியதில்லை. கூட்டத்தில் எழும் குறைகளை, வயலின் சர்வே எண்ணுடனும், எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் ஏறவில்லை என்ற விவரத்துடனும் ஒரு தாளில் எழுதி, சனிக்கிழமை மாலைக்குள் அலுவலகத்தில் சேர்ப்பித்தால் போதும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே நடப்போம். கோரையும் ஆகாயத்தாமரையும் மண்டிய இடங்களை நானே கண்டுகொள்வேன். கரை உள்வாங்கிய இடங்கள்தான், தண்ணீர் ஓடும்போது பார்த்தவர்கள் சொன்னாலன்றி வறண்ட வாய்க்காலில் கண்ணுக்குப் படாமல் போகும். நடந்து முடித்த பிறகு, 9.30 மணியளவில் அதே சமுதாயக் கூடத்தில் அமர்ந்து பேசவும் இருவரும் தயாராக இருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை ஊரில் திருமணமோ கோயில் காரியமோ இருந்தால், மே 20 செவ்வாய்க்கிழமை மாலை 4 மணிக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் தள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தால், அடுத்த சில நாட்களில் கல்லணையும் திறக்கப்படும். கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் பொக்லைனை உள்ளே இறக்க முடியாது.

இரண்டு நாட்களில் எது வசதி என்பதைப் புதன்கிழமைக்குள் செயலாளர் வாயிலாகத் தெரிவித்தால், வேளாண் பொறியியல் துறைக்கும் உடனே சொல்லிவிடுவேன்.

தங்கள் உண்மையுள்ள,
உதவிப் பொறியாளர்,
பாசனப் பிரிவு