கொடைக்கானலுக்கு நான் வரவில்லை, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்

செல்வி, பர்வீன், மெர்சி, காயத்ரி நாலு பேருக்கும்,

கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். நாளைக்குக் காருக்கும் காட்டேஜுக்கும் மெர்சி முன்பணம் போடப் போகிறாள் என்பதால் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

கொடைக்கானலுக்கு நான் வரவில்லை. வர ஆசை இருக்கிறது, லீவும் கிடைக்கும். பணம்தான் இல்லை. யாழினிக்குக் காய்ச்சல், ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். பதினோரு வயதிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களிடம் அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அவர் வேலை பார்த்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையை மாசியில் மூடிவிட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அப்புறம் என்ன ஆனது என்று நான் சொல்லவில்லை, நீங்களும் கேட்கத் தயங்கியிருப்பீர்கள். இன்னும் நிரந்தரமாக ஒன்றும் அமையவில்லை. தெரிந்தவர் குடோனில் சரக்கு ஏற்றி இறக்குவதற்குக் கணக்கு எழுதப் போகிறார். கூப்பிட்ட நாளைக்கு 450 ரூபாய். வாரத்தில் மூன்று நாளும் இருக்கும், ஒரு நாளும் இல்லாமலும் போகும். ஆக, வீடு ஓடுவது என் சம்பளத்தில்தான். கைக்கு வருவது 24,500. வாடகை 7,500, சீட்டு 2,500. மீதி 14,500 ரூபாயில்தான் அரிசி, பால், கேஸ், கரண்ட், பெட்ரோல் எல்லாம். அத்தைக்குச் சுகர், பிரஷர் மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தந்துவிடுகிறார்கள். அந்த ஒரு செலவு இல்லாதது பெரிய நிம்மதி.

இதோடு இரண்டு பெரிய செலவு வரிசையில் நிற்கிறது. ஜூன் முதல் வாரத்துக்குள் யாழினிக்கு முதல் டெர்ம் ஃபீஸ் 16,000, புத்தகத்துக்கு 5,200. ஜூலையில் என் நகைக்கடன் ஒரு வருடம் முடிகிறது. 1,60,000க்கு வைத்திருக்கிறேன், வட்டி மட்டும் பதினாலாயிரத்துச் சொச்சம். முன்பெல்லாம் வட்டியைக் கட்டி மாற்றி வைத்துவிட்டு வந்துவிடுவோமே, நான் வைத்த இடத்தில் அப்படி முடியாதாம். அசலையும் வட்டியையும் சேர்த்துக் கட்டி நகையைக் கையில் வாங்கிவிட்டு, அப்புறம் மறுபடி வைக்கச் சொல்கிறார்கள். இப்போது நகைக்கடன் கவுன்ட்டரில் எப்போது போனாலும் யாராவது ஒருவர் போனில் பேசிக்கொண்டு நிற்கிறார்கள்: "ஒரே ஒரு நாளைக்கு மட்டும் புரட்டிக் கொடுங்கண்ணே, நாளைக்குத் திருப்பிக் கொடுத்துடுறேன்." அந்த ஒரு நாளைக்கும் வட்டி வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அசலை எங்கள் அண்ணன் ஒரு நாளைக்கு மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். வட்டியை நான்தான் சேர்க்க வேண்டும். அதில் ஒரு சங்கிலி அம்மா கழுத்தில் இருந்தது. அது ஏலத்துக்குப் போகக் கூடாது. கொடைக்கானலுக்கு என் பங்கு 4,400 என்று காயத்ரி கணக்குப் போட்டு அனுப்பியதும் நான் உடனே நினைத்தது இதைத்தான்.

கணக்கையெல்லாம் இப்படிப் பிரித்துச் சொல்வது பரிதாபப்படுவதற்காக இல்லை. "கொஞ்சம் டைட்" என்று மட்டும் சொன்னால், ஒரு மாதம் போனால் சரியாகிவிடும் என்று நினைப்பீர்கள். அடுத்த பிளானிலும் என் பெயரைச் சேர்ப்பீர்கள், நான் மறுபடி மறுக்க வேண்டியிருக்கும். இது ஒரு மாதத்தில் தீராது. மார்கழியில் சீட்டு முடிகிறது, அதற்குள் அவருக்கும் ஒரு வேலை அமைந்துவிடும் என்று நம்புகிறேன். அதனால் பொங்கல் வரைக்கும் ஹோட்டல், சினிமா, வெளியூர் எதிலும் என்னைச் சேர்க்காதீர்கள். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கும் இதேதான். போன தடவை ஆளுக்கு 730 வந்தது. எங்கள் வீட்டில் அது பத்து நாள் காய்கறி.

இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. நாங்கள் ஆடம்பரம் பண்ணி அழிக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. ஒருத்தர் சம்பளம் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

"நீ சும்மா வாடி, உன் பங்கை நாங்க போட்டுக்குறோம்" என்று செல்வி இந்நேரம் டைப் பண்ண ஆரம்பித்திருப்பாள். உன் மனசு எனக்குத் தெரியும் செல்வி. ஆனாலும் வேண்டாம். ஒரு டீ, ஒரு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தால் சந்தோஷமாகக் குடிப்பேன், அதில் எனக்கு ரோஷம் கிடையாது. இரண்டு நாள் தங்குகிற பயணம் அப்படி இல்லை. மெனு கார்டைக் கையில் கொடுத்தால் என் கண் நேராக விலைக்குத்தான் போகும். நீங்கள் நெய் ரோஸ்ட் சொல்லும்போது நான் எனக்குப் பசியில்லை என்பேன். படகில் ஏறலாமா என்றால் கரையில் நிற்கிறேன் என்பேன். அதைப் பார்த்து நீங்களும் ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துச் செலவழிப்பீர்கள். யாருக்கும் அது நன்றாக இருக்காது.

நான் வராததால் உங்களுக்கு ஒரு சிரமம் இருப்பதும் தெரியும். 22,000 ரூபாயை ஐந்தாக வகுத்ததை நாலாக வகுத்தால் தலைக்கு 1,100 கூடுகிறது. காயத்ரி, உன் தங்கை வர ஆசைப்படுகிறாள் என்றாயே, அவளைச் சேர்த்துக்கொள்ள முடியுமா பார். முடியாவிட்டால் சின்ன காராக எடுங்கள், நாலு பேருக்கு அது போதும். இ-பாஸ் எடுக்கும்போது ஆள் கணக்கை மாற்றிப் போட மறந்துவிடாதே. எனக்காகத் தேதியைத் தள்ளிப்போடவும் வேண்டாம், செலவு குறைவான இடமாகத் தேடவும் வேண்டாம். போங்கள், நன்றாகச் சுற்றுங்கள், போட்டோவை எல்லாம் வழக்கம்போலக் குரூப்பிலேயே போடுங்கள். எனக்குத் தெரியாமல் தனிக் குரூப் ஆரம்பித்துப் பேசினால்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

மெர்சி, இது உனக்கு. தனியாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். மற்ற மூவருக்கும் இதே யோசனை வரும் என்பதால் இங்கேயே சொல்கிறேன். ஆவணியில் உன் தம்பி கல்யாணம். நான் கண்டிப்பாக வருவேன். முதல் நாள் ராத்திரியே வந்து, காய் நறுக்குவதிலிருந்து பந்தி பரிமாறுவது வரைக்கும் கூட நிற்பேன். செய்முறைதான் இப்போது முழுதாகச் செய்ய முடியாது. என் கல்யாணத்துக்கு உங்கள் வீட்டில் 5,001 எழுதினீர்கள், நோட்டில் இருக்கிறது. நம் பக்கத்தில் அது எப்படிப்பட்ட விஷயம் என்று எனக்கும் தெரியும், உன் அப்பாவுக்கும் தெரியும். செய்தது திரும்பி வரவில்லை என்றால் மண்டபத்து வாசலிலேயே பேச்சு எழும். அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன். அன்றைக்கு நான் 501 எழுதுவேன். மீதியை அடுத்த வருடம் உங்கள் வீட்டுக்கே வந்து அப்பா கையில் கொடுப்பேன். அப்பாவிடம் நீ சொல்கிறாயா, நானே போனில் பேசட்டுமா? நானே பேசினால்தான் மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது. உன் விருப்பம் என்ன என்று சொல்.

பிறந்தநாளுக்கு ஆளுக்கு 500 போட்டுப் பரிசு வாங்குவதிலும் இந்த வருடம் நான் இல்லை. என் பிறந்தநாளுக்கும் ஒன்றும் வாங்காதீர்கள். ஐப்பசியில் பர்வீன் பிறந்தநாளுக்கு நான் அதிரசம் சுட்டுக் கொண்டுவருகிறேன்.

பணம் வேண்டாத இடமென்றால் எங்கே கூப்பிட்டாலும் வருவேன். சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்குவதைப் பார்க்க விடிய விடிய ஆற்றங்கரையில் நின்றோமே, பந்தலுக்குப் பந்தல் மோரும் பானகமும் குடித்துக்கொண்டு. அன்றைக்கு யார் பர்ஸைத் திறந்தோம்? தெப்பக்குளத்தில் சாயங்காலம் போய்ச் சுவரில் உட்கார்ந்தால் எட்டு மணி வரைக்கும் பேசலாம். அவித்த கடலையை நானே வீட்டிலிருந்து கொண்டுவருகிறேன். நத்தம் ரோட்டில் கலைஞர் நூலகம் இருக்கிறது, பிள்ளைகளுக்கென்றே தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். யாழினியையும் செல்வி பையனையும் அங்கே விட்டால் அவர்கள் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். கீழக்குயில்குடிக்கு வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்ச் சமணர் மலையில் ஏறிவிட்டு, கீழே தாமரைக் குளத்தைப் பார்த்து ஆலமரத்தடியில் உட்காரலாம். சாதாரண டவுன் பஸ்ஸில் நமக்குக் கட்டணமே கிடையாது. எங்கள் வீட்டுக்கும் வாருங்கள். புளியோதரையும் அப்பளமும் எப்போது வந்தாலும் உண்டு, அத்தைக்கும் ஆள் வந்தால் பிடிக்கும்.

நான் யாரிடமும் கடன் கேட்கவில்லை. கேட்க வேண்டி வந்தால் இதே மாதிரி நேராகத்தான் கேட்பேன். எவ்வளவு, எப்போது திருப்பித் தருவேன் என்று சொல்லித்தான் கேட்பேன். யாரும் ஜிபேயில் அனுப்பிவைக்காதீர்கள். வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன், கோவிச்சுக்காதீங்கடி.

உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்வதில் எனக்கு ஒன்றுமில்லை. எங்கள் வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டுத்தான் இதை அனுப்புகிறேன். எங்கள் அம்மா காதுக்கு மட்டும் போக வேண்டாம். சர்க்கரை ஏறிவிடும், அப்புறம் தன் கையில் கிடக்கிற வளையலையும் கழற்றிக் கொடுக்கிறேன் என்று நிற்பார்கள்.

உதவி என்றால் ஒன்று இருக்கிறது. பர்வீன், உங்கள் அண்ணனுக்குக் கீழமாசி வீதியில் மொத்த வியாபாரிகளையெல்லாம் தெரியும் இல்லையா? ஸ்டாக் பார்க்க, பில் போட எங்கேயாவது ஆள் தேவைப்பட்டால் சொல்லச் சொல். இவருக்குப் பதினான்கு வருட அனுபவம். டாலி தெரியும், ஜிஎஸ்டி பில் போடுவார், டூவீலர் பார்ட்ஸ் என்றால் பார்த்ததுமே எந்த வண்டிக்கு என்று சொல்லிவிடுவார். ஆரம்பத்தில் 15,000 கொடுத்தாலும் போவார். தனியாக ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன், உனக்கு இன்றைக்கே அனுப்புகிறேன்.

வருகிற ஞாயிறு அஞ்சரை மணிக்குத் தெப்பக்குளம், மாரியம்மன் கோவில் பக்கம். யார் யார் வருகிறீர்கள்?

சுதா