பன்னீர் அண்ணனுக்கு, போஸ்ட் ஆபீஸிலிருந்து

அன்புள்ள பன்னீர் அண்ணே,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்று அண்ணி போனில் சொன்னார்கள். அப்போது கவுண்டரில் நல்ல கூட்டம். நான் உள்பக்கம் திரும்பி விஷயத்தைச் சொன்னதும், பாஸ்புக்கோடு வரிசையில் நின்ற ஆர்.டி. ஏஜென்ட் அம்மாதான் முதலில் "அப்பாடா" என்றார். எங்களுக்கெல்லாம் அதற்குப் பிறகுதான் வேலையே ஓடியது.

சீக்கிரம் குணமாகி வாருங்கள் என்று கார்டில் ஏற்கனவே அச்சடித்திருக்கிறது. அதில் கையெழுத்துப் போட மட்டும்தான் இடம் இருந்தது. எங்களுக்குச் சொல்ல நிறைய இருப்பதால் இந்தத் தாளை உள்ளே வைத்திருக்கிறோம். எழுதுவது சுகன்யா. பக்கத்தில் நின்று "இதையும் எழுது, அதையும் எழுது" என்று சொல்வது எல்லோரும்.

முதலில் ஒரு சண்டை. இத்தனை மாதமாக அடிவயிற்றில் வலி வந்தபோதெல்லாம் "ஒன்றுமில்லை, வாயு" என்று பெருங்காயத்தை மோரில் கலந்து குடித்தீர்களே, அது ஹெர்னியா என்று தெரிந்ததும் எங்களுக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. சரி, இப்போது திட்டி என்ன ஆகப்போகிறது. நல்ல டாக்டரிடம் போனீர்கள், உள்ளே வலை வைத்துத் தைத்தாகிவிட்டது. அந்த வலையைப் பிறகு எடுக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருப்பதாக அண்ணி சொன்னார்கள். எடுக்க வேண்டாம் அண்ணே. அது அங்கேயே இருக்கும், சதை அதோடு சேர்ந்து வளர்ந்து உறுதியாகிவிடும். என் சித்தப்பாவுக்கும் இதே ஆபரேஷன்தான். வலை இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது.

அந்த உறுதி வரத்தான் ஆறு வாரம் எடை தூக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீங்களோ ரெண்டே வாரத்தில் வந்துவிடுவேன் என்று தினேஷிடம் போனில் சொன்னீர்களாம். அவன் அதைச் சந்தோஷமாக வந்து சொல்ல, மேடம் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! உங்களிடம் அப்படியே சொல்லச் சொன்னார்: "ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கையில் இல்லாமல் பன்னீர் இந்தப் படியேறினால் திருப்பி அனுப்பிவிடுவேன்." லீவு விண்ணப்பத்தை அன்றைக்கே டிவிஷனுக்கு அனுப்பியாகிவிட்டது. மருந்துச் சீட்டு, பில், டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் தூக்கிப் போட வேண்டாம், ஒரு கவரில் போட்டு வையுங்கள். மெடிக்கல் கிளெய்ம் படிவத்தை நான் வந்து நிரப்பித் தருகிறேன். டாக்டர் கையெழுத்து வாங்க மட்டும் தம்பியை அனுப்பினால் போதும்.

இனி உங்கள் பீட். நீங்கள் கவலைப்படுவது அதைப் பற்றித்தான் என்று தெரியும். நீங்கள் இல்லாமலே எல்லாம் நன்றாக நடக்கிறது என்று எழுதலாம் என்றார் கணேசன் சார். பொய் சொன்னால் உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்பதால் உள்ளதைச் சொல்கிறேன். தினேஷ் தடுமாறத்தான் செய்கிறான். மேலத் தெருவில் மூன்று ராமமூர்த்தி இருப்பது உங்களுக்குத் தெரியும், கவரில் எழுதுகிறவருக்குத் தெரியாதே. கதவு எண் இல்லாமல் வந்த கடிதம் ஒன்று முதல் வீட்டுக்குப் போய், அங்கிருந்து இரண்டாம் வீட்டுக்குப் போய், கடைசியில் டீக்கடையில் விசாரித்துச் சரியான ஆளிடம் சேர்ந்தது. ஆனால் சேர்ந்துவிட்டது அண்ணே. இப்போது ஒரு நோட்டு போட்டு யார் வீடு எது, எந்த வீட்டில் நாய், யாருக்குக் காது கேட்காது என்று எழுதிக்கொண்டு வருகிறான். எதற்கெடுத்தாலும் உங்களுக்குப் போன் செய்யக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறோம். நீங்களாக அவனுக்குப் போன் செய்யாமல் இருந்தால் நல்லது.

பீட்டில் எல்லோரும் உங்களைக் கேட்கிறார்கள். மடத்துத் தெருப் பாட்டி தினேஷை நிறுத்தி, உங்களுக்குப் பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா, வெந்நீரில் குளிக்கிறீர்களா என்று தினமும் விசாரிக்கிறார். அதோடு நிற்காமல் ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்துவிட்டார். அது இப்போது மேடத்தின் அலமாரியில், பூட்டுக்குள். டாக்டர் காரம் சாப்பிடலாம் என்று சொன்ன பிறகு உங்களிடம் வரும். அதுவரை கணேசன் சாரிடமிருந்து அதைக் காப்பாற்றுவது எங்கள் பொறுப்பு.

சாப்பாடு என்றதும் இங்கே நடந்த வாக்குவாதத்தையும் சொல்லிவிடுகிறேன். தையல் போட்டவர் பருப்பு சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று ஒருவர், கத்தரிக்காய் ஆகவே ஆகாது என்று ஒருவர், கீரைக்கும் தடை போட்டார் இன்னொருவர். இவர்கள் பேச்சைக் கேட்டால் ரசம் சாதம் தவிர வேறெதுவும் மிஞ்சாது. டாக்டர் ஒதுக்கச் சொன்னதை மட்டும் ஒதுக்குங்கள் அண்ணே. சித்தப்பாவுக்கு டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னது, மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், முக்கக் கூடாது என்பதுதான். கீரை, வாழைத்தண்டு, பப்பாளி, நிறையத் தண்ணீர் என்று அவர் ஓட்டினார். இருமலோ தும்மலோ வந்தால் சின்னத் தலையணையைத் தையல் மேல் அணைத்துப் பிடித்துக்கொள்வார். வலி குறைவாக இருந்ததாம். வீட்டுக்குள் மெல்ல நடந்துகொண்டும் இருந்தார், படுத்தே கிடக்கவில்லை. தையல் சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ இதற்கும் "வாயு" என்று சொல்லாமல் உடனே டாக்டரைப் பாருங்கள். அண்ணி, இந்த வரியை உங்களுக்காகத்தான் எழுதினேன்.

பார்க்க வருகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஆபரேஷன் கதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் கண்ணை மூடித் தூங்குவதுபோல் இருந்துவிடுங்கள். நாங்கள் கூட்டமாக வரப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேடமும் நானும் வருகிறோம், அடுத்த ஞாயிறு கணேசன் சாரும் தினேஷும். ஹார்லிக்ஸ் பாட்டில் கிடையாது, இளநீர்தான் வரும். அண்ணி காபி போட எழுந்திருக்கக் கூடாது.

நவம்பரில் பென்ஷன்காரர்களின் ஆயுள் சான்று வேலை இருக்கிறதே என்று நீங்கள் நினைப்பீர்கள். பாதிப் பேர் "பன்னீர் வந்து கைரேகை வாங்கிக்கொள்ளட்டும்" என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். அதற்கு மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது. படுக்கையில் இருப்பவர்களை மட்டும் நானும் தினேஷும் போய் முடித்துவிடுகிறோம். மற்றவர்கள் உங்களுக்காகக் காத்திருக்கட்டும், அவர்களுக்கும் அதுதான் இஷ்டம். வந்த பிறகும் கொஞ்ச நாள் உங்களுக்கு சார்ட்டிங் மேசைதான், பை தூக்க விடமாட்டோம்.

வலி இல்லாமல் தூங்குங்கள். நன்றாகத் தேறி வாருங்கள்.

அன்புடன்,
சுகன்யா

அண்ணே, மூன்றாவது ராமமூர்த்தி உங்களுக்கு வணக்கம் சொன்னார். வண்டியைத் தினமும் துடைத்து வைக்கிறேன். – தினேஷ்

பன்னீர், ஊறுகாயைப் பற்றி இவர்கள் எழுதியதை நம்பாதே. நான் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். – கணேசன்

ஆறு வாரம். ஒரு நாளும் குறையக் கூடாது. குடும்பத்தார் அனைவருக்கும் என் அன்பு. – விஜயலட்சுமி, எஸ்.பி.எம்.