அப்பத்தாவின் மொய் நோட்டு

"வடகாட்டு முத்தையா, ஐந்நூறு!"

ராசு சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து வாசித்தார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ரகசியம் சொன்னாலும் மைக்கில் சொன்னதுபோல்தான் இருக்கும். தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் குடத்தை மறந்து திரும்பிப் பார்த்தார்கள்.

"அணவயல் பெரியசாமி, இருநூறு! என்னக்கா, இருநூறுதானா?"

செல்லம்மா அப்பத்தாவின் முகம் சுருங்கிப்போனது. வாசற்படியில் உட்கார்ந்திருந்த கயல்விழி அதைப் பார்த்தாள்.

புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு மொய் விருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடி பிறந்துவிட்டால் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் என்று ஊர் ஊராகப் பந்தல் போடுவார்கள். கிடாக்கறி விருந்து நடக்கும். சாப்பிட வருகிறவர்கள் மொய் எழுதுவார்கள். யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது நோட்டில் ஏறும். பிறகு அவர்கள் விருந்து வைக்கும்போது அந்தப் பணத்தைத் திருப்பிச் செய்ய வேண்டும். மேற்கொண்டு வைப்பது 'புது நடை'. ஒரு பெயரை மறந்துவிட்டால் போச்சு, பத்து வருஷத்துக்குப் பேச்சு நின்றுவிடும். அதனால் மொய் நோட்டு என்பது வீட்டுக்கு ரேஷன் கார்டு மாதிரி. தொலையக் கூடாது.

அப்பத்தாவிடம் அப்படி மூன்று நோட்டுகள் இருந்தன. அவளுக்கு எண் தெரியும். பஸ் நம்பர் பார்ப்பாள், ரூபாய் நோட்டை எண்ணுவாள். எழுத்து மட்டும் தெரியாது. கயலின் அப்பா திருப்பூரில் இருந்தார். அம்மா கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்கு விடியும் முன்பே போய்விடுவாள். அதனால் ஒவ்வொரு ஆடிக்கும் ராசு சித்தப்பாதான்.

அவர் போன பிறகு கயல் கேட்டாள். "அப்பத்தா, நான் வாசிக்க மாட்டேனா?"

"நீயா? போன வருசம் ஒங்க டீச்சர் வீட்டு மொய் எவ்வளவுன்னு வகுப்புல சொன்னவதானே நீ?"

அது உண்மைதான். கயலால் மறுக்க முடியவில்லை.

"அப்ப நீயே படிச்சுக்கோ. நான் சொல்லித் தர்றேன்."

அப்பத்தா சிரித்தாள். பிறகு குழாயடியைப் பார்த்தாள். அங்கே அந்த நாலு பேரும் இன்னும் இருநூறு ரூபாயைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சரி. எத்தனை எழுத்து?"

"247."

அப்பத்தா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

மறுநாள் அவளை எப்படியோ உட்கார வைத்து அ, ஆ, இ, ஈ என்று தொடங்கினாள் கயல். ஐந்தாம் வகுப்பு படிக்கிறவள், டீச்சர் மாதிரி கையில் முருங்கைக் குச்சி வேறு. 'ஔ' வரும்போது அப்பத்தா கொட்டாவி விட்டாள். "ஔவையாரை விட்டா இந்த எழுத்து யாருக்கு வேணும்?" என்றாள். அடுத்த நாள் தலைவலி. அதற்கடுத்த நாள் மாட்டுக்குத் தலைவலி.

அன்று சாயங்காலம் அப்பத்தா தன் பழைய லேடீஸ் சைக்கிளை வேப்பமரத்தடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். 62 வயதிலும் வயலுக்கு அதில்தான் போவாள். கேரியரில் புல்லுக்கட்டு, ஹேண்டில் பாரில் தூக்குவாளி.

"சைக்கிள் எப்படிக் கத்துக்கிட்டே?"

அப்பத்தாவுக்குப் பிடித்த கதை அது. 1991, 92 வாக்கில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. சாயங்காலமானால் ஊர் ஊராகப் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியே பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். பூப்பறிக்கிறவர்கள், கல் உடைக்கிறவர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் மந்தையில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார்கள்.

"அப்ப எழுத்து?"

"எழுத்து வகுப்பு ராத்திரி ஏழு மணிக்கு. அந்நேரம் சோறு யாரு ஆக்குறது? சைக்கிள்னா விடியக்காலைல ஓடிப்போய்க் கத்துக்கலாம். வாடகைச் சைக்கிள் கடைக்காரர் நல்ல மனுசன். காசு அப்புறம் குடும்மான்னு சொல்லுவாரு. கடைசிவரைக்கும் கேட்கவே இல்லை. ஒங்க தாத்தாதான் முகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டாரு. 'பொம்பளைக்கு எதுக்குச் சைக்கிள்'னு ஒரு மாசம் பேசலை."

"முதல்ல செயின், பெடல், போக்ஸ் கம்பின்னு பேரெல்லாம் சொல்லிக்கொடுத்தாங்களா?"

"அதெல்லாம் எதுக்கு? ஏறி உட்காருன்னாங்க, உட்கார்ந்தேன். பின்னாடி ஒரு பொண்ணு சீட்டைப் பிடிச்சிருந்துச்சு. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தா, அது எப்பவோ விட்டுடுச்சு!"

கயல் முருங்கைக் குச்சியைத் தூக்கி எறிந்தாள்.

மறுநாள் சாணி மெழுகிய தரையில் சுண்ணாம்புக் கட்டியால் மூன்றே எழுத்துகளைப் போட்டாள். ட, ப, ம.

"இது காலை நீட்டி உட்கார்ந்திருக்கு" என்றாள் அப்பத்தா, 'ட'வைப் பார்த்து. 'ப' மாட்டுத் தொட்டி. 'ம'? கொஞ்சம் யோசித்தாள். "தொட்டிக்குள்ள மாடு தலையை விட்டிருக்கு."

கயல் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டினாள். மேலே ஒரு பொட்டு வைத்தால் சத்தம் பாதியாகும், பக்கத்தில் கால் போட்டால் நீளும் என்றாள். பிறகு ஒரு சொல்லை எழுதினாள்.

அப்பத்தா விரலால் தொட்டுத் தொட்டுப் போனாள். "ப... ட்... டா." நிமிர்ந்தாள். "பட்டாவா? நம்ம நிலத்துப் பட்டாவா?"

அன்று மாட்டுக்குத் தலைவலி வரவில்லை.

ஒரு மாதத்தில் பஸ் போர்டு, தீப்பெட்டி, சோப்புக் கவர் எல்லாம் பாடப்புத்தகமாயின. நெருக்கமான எழுத்து மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கோளாறு படிப்பில் இல்லை, கண்ணில். கண் முகாமில் பார்த்து ஒரு கண்ணாடி வந்தது. அதற்குப் பிறகு மூன்று 'ல'க்கள் வந்தன.

"நாக்கு ஒண்ணுதானே இருக்கு, எதுக்கு மூணு ல?" அப்பத்தா சண்டைக்கே வந்துவிட்டாள்.

"ஆலங்குடிக்கு இந்த ல. பள்ளத்திவிடுதிக்கு அந்த ள. வாழைக்கு இந்த ழ."

"எல்லாத்துக்கும் முதல் ல போட்டா பஸ்ஸு நிக்காதா?"

கயல் பலகையில் எழுதினாள்: 'கயல் பல்லிக்குப் போனாள்.' அப்பத்தா கூட்டி வாசித்தாள். மறுபடி வாசித்தாள். பிறகு உத்தரத்தில் ஒட்டியிருந்த பல்லியைப் பார்த்து இருமல் வரும்வரை சிரித்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு அது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. டீக்கடைப் பலகையில் யாராவது ல, ள மாற்றி எழுதியிருந்தால் சைக்கிளை நிறுத்திச் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

ஆடி நெருங்கியபோது ஒரு நாள் அப்பத்தா மொய் நோட்டைக் கொண்டுவந்து மடியில் விரித்தாள். "நெடுவாசல் சுப்பையா, முந்நூறு. மாங்காட்டு ராமன், ஐந்நூறு. பேராவூரணி மருமகன், ஆயிரம்." தடங்கலே இல்லாமல் ஒரு பக்கம் முழுக்க ஓடியது. கயலுக்குக் கை தட்டத் தோன்றியது. தட்டவும் தட்டினாள். அப்புறம்தான் கவனித்தாள். நோட்டு தலைகீழாக இருந்தது.

"அப்பத்தா! இது படிப்பா?"

"பின்னே? ஒண்ணாவது தப்பா?"

ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் தொந்தரவே. முப்பது வருஷமாக மனசில் ஏற்றி வைத்த கணக்கு, கண் எழுத்தைத் தொடும் முன்பே வாயில் வந்து நிற்கிறது. கயலுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. தனக்கு வாய்ப்பாடே ஒழுங்காக மனசில் நிற்பதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

நோட்டை மூடி வைத்துவிட்டு, அப்பத்தா கேள்விப்பட்டே இராத பெயர்களாகச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள். யாழினி, தன்ஷிகா, கிருத்திக். "இதெல்லாம் பேரா?" என்று திட்டிக்கொண்டே அப்பத்தா எழுத்து எழுத்தாகத் தாண்டினாள். 'ஷி'யில் கொஞ்சம் தடுமாறினாள். மனப்பாடம் கைகொடுக்காத இடத்தில்தான் அவள் நிஜமாகவே வாசித்தாள். மெதுவாக, வியர்த்துக்கொண்டு.

ஆடி இரண்டாம் வாரம் ராசு சித்தப்பா வழக்கம்போல் திண்ணையில் வந்து உட்கார்ந்து துண்டை உதறினார். "நோட்டைக் கொண்டாக்கா."

"நானே பார்த்துக்கிட்டேன் ராசு. நீ டீ குடி."

அவர் டீயைக் குடித்து முடிக்கும்வரை ஒன்றுமே பேசவில்லை. அது அவருக்கு ஒரு சாதனை.

அவர் போனதும் அப்பத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நோட்டை நேராகப் பிடித்து, விரல் வைத்து வாசிக்கத் தொடங்கினாள். சத்தமில்லை, உதடு மட்டும் அசைந்தது. கயல் பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டினாள். ஏதாவது கேட்டால் சொல்லலாம் என்றுதான் இருந்தாள். அப்பத்தா கேட்கவே இல்லை. முதல் நோட்டு முடிந்து இரண்டாவது, பிறகு மூன்றாவது. மூன்றாவதுதான் பழசு, தாத்தா எழுதியது. ஓரமெல்லாம் கரையான் தின்றிருந்தது. மொய்க் கணக்கு முடிந்த பிறகும் அப்பத்தா பக்கத்தைப் புரட்டினாள். கடைசித் தாள்களை இதுவரை யாரும் வாசித்ததில்லை. ராசு சித்தப்பா மொய் முடிந்ததுமே நோட்டை மூடிவிடுவார்.

"யூரியா ஒரு மூட்டை. கடலை விதை." உதடு அசைந்துகொண்டே போனது. "செ... ல்... ல... ம்மா." நின்றது.

"என்ன அப்பத்தா?"

அப்பத்தா பதில் சொல்லவில்லை. விரலை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய் மறுபடி தொடங்கினாள். மூன்றாவது தடவைதான் சத்தமாக வந்தது.

"செல்லம்மா சைக்கில் வாடகை. 14 ரூபாய்."

கயல் எட்டிப் பார்த்தாள். பேனா மை பழுப்பாகியிருந்தது. கீழே இன்னொரு வரி, இன்னொரு 14 ரூபாய். அதற்கும் கீழே இன்னொன்று.

வேப்பமரத்தடியில் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. அப்பத்தா அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"ஒரு மாசம் பேசாம இருந்தாரே இந்த மனுசன்."

கயலுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நோட்டையே பார்த்தாள். "அப்பத்தா, தாத்தா 'சைக்கில்'னு எழுதியிருக்காரு. அது..."

"தெரியும். அந்த ள போடணும்."

"பென்சில் தரட்டா? திருத்தறியா?"

அப்பத்தா நோட்டைச் சட்டென்று மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"தொடாதே. அது அப்படியே இருக்கட்டும்."